“நோட்டட். மீட் மீ ஆன் மண்டே”: கைடின் ஒரு வரிப் பதிலுக்குள் என்ன இருக்கிறது?

“எம்.எஸ்சி. வேதியியல், கடைசி செமஸ்டர். ப்ராஜெக்டின் மூன்றாம் அத்தியாயத்தை வரும் புதன்கிழமை கொடுக்க வேண்டும். ஒரு வாரம் காய்ச்சல், அப்புறம் ஆய்வகத்தில் யூவி கருவி ஆறு நாள் பழுது. பத்து நாள் அவகாசம் கேட்டு, எல்லாவற்றையும் விளக்கி, வியாழன் இரவு 11.40-க்குக் கைடு சாருக்கு முக்கால் பக்க மெயில் போட்டேன். துறைத்தலைவரையும் சிசியில் வைத்தேன். வெள்ளி காலை 7.10-க்கு வந்த பதில் இவ்வளவுதான்: ‘நோட்டட். மீட் மீ ஆன் மண்டே வித் தி டேட்டா.’ டியர் இல்லை, ரிகார்ட்ஸ் இல்லை, காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமா? முடியாது என்கிறாரா, சரி என்கிறாரா? நான் என்ன பதில் போடுவது?”

கோபமாக இருக்க வாய்ப்பு குறைவு. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலில் ‘நோட்டட்’ என்ற சொல்லை விட ‘டேட்டா’ என்ற சொல்லுக்குத்தான் கனம் அதிகம். நீங்கள் முதலாவதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் இதே மாதிரி ஒரு வரிப் பதில்களை எழுதிக்கொண்டிருந்தவள் நான். எழுதும் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

முதலில், அந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு ஒரு குரல் கேட்டிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எரிச்சலோடு சொல்லும் குரல். அது அவர் குரல் இல்லை, நீங்கள் கொடுத்த குரல். மெயிலில் தொனி எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்று ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கிண்டலாகவும் நிஜமாகவும் வாக்கியங்களை எழுதி அனுப்பியவர்கள், படிப்பவர்கள் நூற்றுக்கு 78 தடவையாவது சரியாகப் பிடிப்பார்கள் என்று நம்பினார்கள். குரலில் சொன்னபோது ஏறத்தாழ அந்த அளவுக்கு நடந்தது. மெயிலில் 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். இதில் உங்களுக்கு வேண்டிய பகுதி இன்னொன்று: தப்பாகப் புரிந்துகொண்டவர்களும் தாங்கள் சரியாகவே புரிந்துகொண்டதாக நம்பினார்கள். ‘எனக்கு நல்லாவே தெரியுது, சார் கோபமாத்தான் இருக்கார்’ என்று உங்களுக்கு இப்போது இருக்கும் உறுதியை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு ஒரு திசையும் உண்டு. கிறிஸ்டின் பைரன் 2008-இல் மெயிலும் உணர்ச்சியும் பற்றி எழுதிய கட்டுரையில், நல்லெண்ணத்தோடு எழுதியது சப்பென்று படிக்கப்படும், சாதாரணமாக எழுதியது கடுமையாகப் படிக்கப்படும் என்று வாதிட்டார். அதாவது ஒவ்வொரு மெயிலும் ஒரு படி கீழே இறங்கித்தான் போய்ச் சேருகிறது. எழுதுகிறவர் மேலே, படிக்கிறவர் கீழே என்றால் இறக்கம் இன்னும் கூடும். உங்கள் வகுப்புத் தோழன் ‘நோட்டட்’ என்று அனுப்பியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது நம் ஊருக்கே உரிய ஒரு காரணம். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘திங்கக்கிழமை டேட்டாவோட வாங்க’ என்று ஒரு ஆசிரியர் மாணவரிடம் சொன்னால் அதில் குறை ஒன்றும் இல்லை. ‘வா’வோடு ‘ங்க’ சேர்ந்ததும் வேலை முடிந்தது. ‘தயவுசெய்து’ என்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. அது அறிவிப்புப் பலகைக்கான சொல். இதே வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் தட்டும்போது அந்த ‘ங்க’ போவதற்கு இடமே இல்லை. ஆங்கிலம் அந்த வேலையை ‘குட் யூ’, ‘ப்ளீஸ்’ என்று தனிச் சொற்களை வைத்துச் செய்கிறது. அவற்றைச் சேர்க்கும் பழக்கம் இல்லாதவர் எழுதினால் மிஞ்சுவது மொட்டைக் கட்டளைதான். மரியாதைப் பேச்சு பற்றி மொழியியலில் இன்று வரை எல்லாரும் தொடங்கும் புள்ளி பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் செய்த வேலை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். தரவு கோயம்புத்தூர்ப் பக்கத்து ஒரு கிராமத்திலிருந்து வந்தது. ஒரே பணிவை ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது என்பதற்கு நம் பேச்சைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆகவே சின்ன வேலை ஒன்று செய்யுங்கள். அந்தப் பதிலை சார் நேரில் பேசும் தமிழுக்கு மாற்றிப் படியுங்கள். ‘சரி, பார்த்தேன். திங்கக்கிழமை டேட்டாவை எடுத்துட்டு வந்து பாருங்க.’ இப்போது எரிச்சல் எங்கே போயிற்று? போய்விட்டதென்றால் அது அவருடைய எரிச்சலாக இருந்திருக்காது.

சரி, டியர் போய்விட்டதே, அதற்கு என்ன? இதற்கு ஊகம் வேண்டாம், உங்கள் இன்பாக்ஸே பதில் சொல்லும். அவர் உங்களுக்கு எழுதிய பழைய மெயில்களை ஒரு ஐந்தாறு திறந்து பாருங்கள். அவராகத் தொடங்கிய மெயில்களையும், உங்கள் மெயிலுக்குப் பதிலாக வந்தவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். டியர் போடுகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் தொடங்கும் மெயிலில் போடுவார்கள். பதிலில் அது கழன்றுவிடும். நேரத்தையும் பாருங்கள். காலை 7.10 என்பது கணினி முன் உட்கார்ந்து எழுதும் நேரம் அல்ல. ஒரு கையில் காபி, மறு கையில் ஃபோன், எட்டரைக்கு முதல் வகுப்பு. அவர் காலையில் போட்ட மெயில்கள் எல்லாமே இப்படித்தான் என்றால் இதில் படிக்க ஒன்றும் இல்லை. எப்போதும், எல்லாப் பதிலிலும், டியர் போட்டு உங்கள் பெயரையும் எழுதியவர் இந்த ஒரு தடவை விட்டிருக்கிறார் என்றால்தான் அது ஒரு தகவல். அப்போதும் ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்ற அளவுக்கு மட்டுமே.

வாக்கியத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் செய்த ஒரு ஆய்வில், ஒரு சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தால் அது மனதார வந்த பதிலாகத் தெரிவதில்லை என்று வந்தது. ஆனால் அது குறுஞ்செய்தியில்தான். கையால் எழுதிய சீட்டில் அந்த வித்தியாசம் இல்லை. சாட்டில் வளர்ந்தவர்களின் விதி அது. ஐம்பது வயது ஆசிரியர் புள்ளி வைக்கிறார் என்றால் ஐந்தாம் வகுப்பில் வைக்கச் சொன்னார்கள் என்று அர்த்தம்.

இனி ‘நோட்டட்’. இந்தச் சொல்லில் கோபம் இல்லை, ஆனால் இரக்கமும் இல்லை. இது அலுவலகக் கோப்பிலிருந்து வந்த சொல். நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் கோப்பில் ஓடுகின்றன. ஒரு விண்ணப்பம் மேலே போகும். ஒவ்வொருவரும் ஓரத்தில் ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ‘ஃபார்வர்டட்’ என்றால் அனுப்பினேன், என் கருத்து இல்லை. ‘ரெக்கமண்டட்’ என்றால் எனக்குச் சம்மதம், முடிவு மேலே இருப்பவருடையது. ‘பெர்மிட்டட்’ என்றால்தான் அனுமதி. ‘நோட்டட்’ என்றால் பார்த்தேன், என் கவனத்துக்கு வந்தது, அவ்வளவே. ‘பிளீஸ் டிஸ்கஸ்’ என்று ஒரு குறிப்பும் உண்டு: எழுத்தில் முடிவு சொல்ல மாட்டேன், நேரில் வா. உங்கள் கைடு எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். ‘நோட்டட்’ பிளஸ் ‘பிளீஸ் டிஸ்கஸ்’. அச்சு அசல் கோப்புக் குறிப்பு.

நடைமுறையில் மாணவர்கள் அடிபடுவது இங்கேதான். கோபமோ என்று பயந்து கெட்டுப்போனவர்களை விட, ‘நோட்டட்’ என்று வந்ததை அனுமதி என்று எடுத்துக்கொண்டு கெடுவை விட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். திங்களன்று அவர் வாயால் வேறு தேதி சொல்லும் வரைக்கும் உங்கள் தேதி புதன்தான்.

மறுப்பு இல்லை என்று எப்படிச் சொல்கிறேன்? பேச்சை நொடி நொடியாகப் பதிவு செய்து ஆராய்கிறவர்கள், ஹார்வி சாக்ஸ், அனிதா பொமரான்ட்ஸ் போன்றவர்கள், ஒரு ஒழுங்கைக் கவனித்தார்கள். ஒப்புக்கொள்ளும் பதில் சட்டென்று, சுருக்கமாக வரும். மறுக்கும் பதில் தாமதமாக வரும், சுற்றி வளைக்கும், காரணம் சொல்லும். கல்யாணத்துக்கு வருகிறவர் ‘வந்துடறேன்’ என்பார். வராதவர்தான் மாமியார் உடம்பு, ரயில் டிக்கெட், ஆபீஸ் ஆடிட் என்று நீட்டுவார். மெயிலிலும் அப்படித்தான். உங்கள் சார் முடியாது என்று முடிவு செய்திருந்தால் ‘பல்கலைக்கழக அட்டவணைப்படி’, ‘மற்ற மாணவர்களும்’ என்று இரண்டு வாக்கியமாவது வந்திருக்கும். மேலே இருப்பவர்கள் மொட்டையாக ‘நோ’ என்பதும் நடக்கும்தான், ஆனால் அப்போது அந்த ‘நோ’ எழுத்தில் இருக்கும். ஏழரை மணி நேரத்தில், நீங்கள் தூங்கி எழுவதற்குள், மறுப்பு இல்லாத ஒரு வரி வந்திருக்கிறது. இன்னொன்று: அவர் குறித்த திங்கள் உங்கள் புதனுக்கு இரண்டு நாள் முந்தி வருகிறது. இழுத்தடிக்க நினைக்கிறவர் கெடுவுக்கு முன்னால் நேரம் கொடுக்க மாட்டார்.

அப்படியானால் ஏன் சரி என்று எழுதவில்லை? நீங்கள் துறைத்தலைவரைச் சிசியில் வைத்ததால்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அத்தியாயத்தைத் தன்னிடம் என்றைக்குக் கொடுப்பது என்பது கைடு கையில் இருக்கும் தேதி. அதை அவர் வராந்தாவில் நின்றபடியே பத்து நாள் தள்ளிவிடலாம். ஆனால் முழு ஆய்வறிக்கையை ஒப்படைக்கும் தேதி அவர் கையில் இல்லை. அது தேர்வுப் பிரிவு வைப்பது. துறைத்தலைவர் பார்க்கும் மெயிலில் ‘பத்து நாள் எடுத்துக்கொள்’ என்று எழுதினால், நாளைக்குக் கடைசித் தேதி தவறும்போது அது அவருடைய எழுத்தாக நிற்கும். போதாததற்கு, யூவி கருவி ஆறு நாள் பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு காரணம். துறைத்தலைவர் கண்ணுக்கு அது ஆய்வகம் சரியாக நடக்கவில்லை என்ற புகார். அந்தக் கருவிக்குப் பொறுப்பாளர் உங்கள் கைடாகவே இருந்தால், நீங்கள் தெரியாமல் அவரை மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். கெட்ட எண்ணம் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் மேலதிகாரி முன்னால் மனிதர்கள் ஒரு வரியில்தான் பேசுவார்கள். அந்தப் பதிலில் தெரியும் குளிர்ச்சியில் உண்மையான பங்கு ஏதாவது இருந்தால், அது இங்கிருந்துதான் வந்திருக்கும்.

அவருடைய பதிலில் துறைத்தலைவர் இன்னும் சிசியில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஒரு வரி இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. இல்லையென்றால், நமக்குள் பேசிக்கொள்வோம் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் ஃபோனில் சாதாரணமாகப் பதில் பொத்தானை அழுத்தினாலே சிசி கழன்றுவிடும், அதனால் இதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

இப்போது ‘டேட்டா’வுக்கு வருகிறேன். ஒரு நீண்ட மெயிலுக்குச் சின்னப் பதில் வந்தால், சொல்லாமல் விட்டதை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். எதைப் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் முக்கால் பக்கத்தில் காய்ச்சல் இருந்தது, கருவி இருந்தது, பத்து நாள் இருந்தது, மன்னிப்பும் இருந்திருக்கும். அவர் எடுத்துக்கொண்டது நீங்கள் அநேகமாக எழுதாத ஒன்றை: இதுவரை என்ன அளவீடுகள் கையில் இருக்கின்றன. அவருடைய கேள்வி அதுதான். எழுத நேரம் போதவில்லையா, அல்லது எழுதுவதற்கு ஒன்றுமே இல்லையா? முதலாவது என்றால் பத்து நாள் போதும். இரண்டாவது என்றால் பத்து நாளும் போதாது, திட்டத்தையே வெட்ட வேண்டும். உங்கள் மெயிலை வைத்து இதை அவரால் சொல்ல முடியாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். மெத்திலீன் புளூ சாயத்தை ஒளிவினையூக்கியால் சிதைக்கும் ப்ராஜெக்ட். நம் பக்கத்து எம்.எஸ்சி. ஆய்வகங்களில் வருடா வருடம் யாராவது செய்வார்கள். 664 நானோமீட்டரில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உறிஞ்சளவை எடுக்க வேண்டும். ஒரு மாணவி ஐந்து செறிவுக்கும் மும்மூன்று தடவை எடுத்து முடிக்க இரண்டு வாரம் கேட்டு எழுதினாள். நான் போட்ட பதில் ‘கம் வித் த அப்சர்வேஷன் நோட்புக்.’ அவ்வளவுதான். அவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் தோழியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கண் கலங்க வந்தாள். அளவீடுகளை எடுக்காமலே தானாக எழுதிவிட்டதாக மேடம் சந்தேகப்படுகிறார் என்று நினைத்திருக்கிறாள். நான் நினைத்தது நேர் எதிர்: மூன்று செறிவுக்குப் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்திருந்தால் மீதி இரண்டையும் விட்டுவிடலாம், பிள்ளை தூங்கட்டும் என்று. நோட்டைப் பார்த்தேன், கோடு விழுந்திருந்தது, இருபது நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்தது. போன இரண்டு நாளுக்கு நான்தான் பொறுப்பு. ‘எத்தனை முடிந்திருக்கிறது என்று பார்ப்போம்’ என்று நாலு சொல் கூடப் போட்டிருக்கலாம். அன்று காலை அது எனக்குத் தோன்றவில்லை. எனக்குள் காரணம் அவ்வளவு தெளிவாக இருந்தது, அதை எழுதவில்லை என்பதே தெரியவில்லை.

நிஜக் கோபம் எப்படி இருக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதுவும் உண்டு. ஆசிரியருக்குக் கோபம் வந்தால் மெயில் பெரும்பாலும் நீளும். பழைய தேதிகள் வரும்: ‘ஆஸ் ஐ ஆல்ரெடி டோல்ட் யூ’ என்று தொடங்கும், நீங்கள் முன்பு கொடுத்த வாக்கு மேற்கோளாக வரும், ‘ஒய் வாஸ் திஸ் நாட் இன்ஃபார்ம்ட் ஏர்லியர்’ என்று செய்தவர் பெயர் இல்லாத கேள்வி வரும். பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறவர் திடீரென்று முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதுவார். நீங்கள் சிசியில் வைக்காத ஒருவர் புதிதாகச் சேர்ந்திருப்பார். சுருக்கமான பதில்களில் நான் நிஜமாகவே பயப்படச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘ஆஸ் யூ விஷ்.’ ஆங்கிலேயருக்கு அது பணிவாகக்கூடத் தோன்றலாம். தமிழரிடமிருந்து வந்தால் அது ‘உங்க இஷ்டம்’, அதாவது நான் கை கழுவிவிட்டேன். அந்தப் பதில் வந்தால் மெயில் போடாமல் அன்றைக்கே போய்ப் பாருங்கள். உங்களுக்கு வந்ததில் இவை எதுவும் இல்லை. ‘என்னை வந்து பார்’ என்கிறவர் இன்னும் கை கழுவவில்லை.

பதில் மெயிலுக்கு மூன்று சின்ன வாக்கியம் போதும். ‘தேங்க் யூ, சார். ஐ வில் கம் ஆன் மண்டே வித் ஆல் தி ரீடிங்ஸ் டேக்கன் சோ ஃபார். வுட் 11 ஏ.எம். சூட் யூ?’ பதினொன்று என்பது உதாரணம்தான், அவர் வகுப்பு இல்லாத மணியைப் பார்த்துப் போடுங்கள். கோபமா சார் என்று கேட்காதீர்கள். இல்லாத கோபத்தை அவர் மறுத்து எழுத வேண்டியிருக்கும், அதுவே எரிச்சல். காய்ச்சலை மறுபடி விளக்காதீர்கள். சிசியைப் பொறுத்தவரை, அவர் பதிலில் துறைத்தலைவர் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்களாகத் திரும்பச் சேர்க்க வேண்டாம்.

திங்களன்று கையில் இருக்க வேண்டியவை: அசல் நோட்டு, எடுத்த அளவீடுகள் எவை எடுக்காதவை எவை என்று ஒரே தாளில் ஒரு அட்டவணை, இதுவரை எடுத்தவற்றுக்கு ஒரு வரைபடம். கருவி பழுதான தேதிகளை ஆய்வகப் பதிவேட்டைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவராகக் கேட்டால் மட்டும் காட்டுங்கள். பத்து நாள் என்று பொதுவாகக் கேட்காமல், மீதி அளவீடுகளுக்கு இத்தனை நாள், எழுத இத்தனை நாள் என்று பிரித்துச் சொல்லுங்கள். கருவி பழுது என்று துறைத்தலைவருக்கும் போட்டது அவருக்குச் சங்கடமாக இருந்ததா என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தது என்று தோன்றினால் ‘அதை யோசிக்காம போட்டுட்டேன் சார்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நோட்டைத் திறங்கள்.

எல்லாம் பேசிவிட்டுத் தேதியை மட்டும் சொல்லாமல் ‘சரி, செய்ங்க’ என்று எழுந்துவிட்டால், வாசலைத் தாண்டுவதற்குள் கேட்டுவிடுங்கள்: ‘அப்போ சார், அத்தியாயம் எந்தத் தேதிக்குக் கொடுக்கட்டும்?’ அவர் சொல்லும் தேதியை அன்று மாலையே ஒரு வரி மெயிலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கும் ‘நோட்டட்’ என்றுதான் பதில் வரும். அந்த ‘நோட்டட்’டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.